முதல் மாத்திரை எது? இ.ஜி.எஃப்.ஆர். நுரையீரல் புற்றுநோயில் மருந்து வரிசையும் மருந்து எதிர்ப்பும்

நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியான ஒருவரின் திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘இ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 நீக்கம்’ என்றோ ‘எல்858ஆர்’ என்றோ ஒரு வரி இருந்துவிட்டால், குடும்பத்தின் முன் உடனடியாக ஒரு கேள்வி வந்து நிற்கிறது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஜெஃபிடினிப்பில் தொடங்கி, அது பலனிழந்த பிறகு பல மடங்கு விலையுள்ள ஆஸிமெர்டினிப்புக்கு மாறலாமா? தொடக்கத்திலேயே ஆஸிமெர்டினிப்பைக் கொடுத்துவிடலாமா? அல்லது இவற்றுள் ஒன்றோடு கீமோதெரபியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? இக்கேள்வியைப் பேசும்போது பெரும்பாலும் ஒரு வாதம் எழும்: ‘நல்ல மருந்தை இப்போதே தீர்த்துவிட்டால், நோய் திரும்பும்போது கையில் என்ன இருக்கும்?’ சிக்கனமாக வாழ்ந்து பழகியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் வாதம்தான். அது இந்த நோய்க்குப் பொருந்துகிறதா என்பதை, மருந்து எதிர்ப்பு எவ்வாறு உருவாகிறது என்று பார்த்த பிறகே தீர்மானிக்க முடியும்.

இ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் ஓர் ஏற்பிப் புரதம். வளர்ச்சிக் காரணி ஒன்று வெளியிலிருந்து வந்து அதில் ஒட்டும்போது, அதன் உட்பகுதியில் உள்ள ஒரு பள்ளம், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைப் பிடித்து, அதிலுள்ள பாஸ்பேட்டைக் கழற்றி, பெருகுவதற்கான சமிக்ஞையை உள்ளே அனுப்புகிறது. இந்த ஏற்பியின் மரபணுவில் எக்ஸான் 19 நீக்கமோ எல்858ஆர் மாற்றமோ நேர்ந்துவிட்டால், வெளியிலிருந்து எதுவும் வராமலேயே இந்தச் சமிக்ஞை ஓயாமல் சென்றுகொண்டிருக்கும். இந்தப் புற்றுநோயில் காணப்படும் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை இவ்விரண்டு வகைகளுள் அடங்கிவிடும். இவற்றுக்கும் ஜெஃபிடினிப்பின் பலனுக்கும் உள்ள தொடர்பு 2004-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் ஏடிபி உட்காரும் அதே பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. செல்லை வெறிகொள்ளச் செய்யும் அதே மாற்றம், அந்தப் பள்ளத்துக்கு ஏடிபியின் மீதுள்ள பிடிப்பைத் தளர்த்தியும் விடுகிறது. ஆகவே மருந்து எளிதில் இடம்பிடிக்கிறது. மாற்றமில்லாத சாதாரணச் செல்களில் அந்தப் பிடிப்பு தளர்வதில்லை. அதனால்தான் 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கட்டியைச் சுருக்குகிறது, தோலிலோ பெரும்பாலும் பருக்களோடு நின்றுவிடுகிறது.

பூட்டு மாறும்போது

ஜெஃபிடினிப் அல்லது எர்லோடினிப் எடுத்துக்கொள்பவர்களுக்கு நோய் அடங்கியிருக்கும் காலம் சராசரியாக ஒன்பது முதல் பதினோரு மாதங்கள். அதன் பின் வளரத் தொடங்கும் கட்டியைச் சோதித்தால், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் டி790எம் என்ற இரண்டாவது மாற்றம் தென்படுகிறது. புரதத்தின் 790-ஆம் இடத்தில் திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் வந்திருப்பதையே இந்தப் பெயர் குறிக்கிறது. 2005-இல் இது கண்டறியப்பட்டபோது, பருமனான மெத்தியோனின் பள்ளத்தின் வாயிலை அடைத்து மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது என்றே கருதினார்கள். பின்னர் தெரியவந்த முதன்மைக் காரணம் வேறு: மருந்து உள்ளே போகத்தான் செய்கிறது, ஆனால் பள்ளத்துக்கு ஏடிபியின் மீதிருந்த பழைய பிடிப்பு திரும்பிவிடுவதால், செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் ஏடிபியோடு போட்டியிட்டு மருந்து தோற்றுவிடுகிறது.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். மாத்திரை இந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரையிலான செல்கள் இருக்கலாம். அவற்றுள் ஒரு சிலவற்றில் டி790எம் முன்பே இருந்திருக்கலாம். அல்லது மருந்தின் தாக்குதலில் மடியாமல் மந்தநிலையில் ஒடுங்கிக்கிடக்கும் செல்கள் மாதக்கணக்கில் பிழைத்திருந்து, அக்காலத்தில் அம்மாற்றத்தைப் பெறலாம். எவ்வழியில் வந்தாலும், மற்றவை அழிந்த இடத்தில் இவை பெருகுகின்றன. ஆகவே எந்த மருந்தைக் கொடுக்கிறோமோ, அந்த மருந்துக்கு அடங்காத செல்களையே நாம் பொறுக்கி எடுக்கிறோம். முதல் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பது என்பது, பின்னால் வரப்போகும் எதிர்ப்பின் வடிவத்தையும் ஓரளவு தேர்ந்தெடுப்பதுதான்.

ஆஸிமெர்டினிப் இந்தப் போட்டியையே தவிர்க்கும்படி வடிவமைக்கப்பட்ட மருந்து. பள்ளத்தின் விளிம்பில் 797-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீனின் கந்தக அணுவோடு அது நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. ஒருமுறை பிணைந்துவிட்டால், ஏடிபி எவ்வளவு இருந்தாலும் அதை வெளியேற்ற முடியாது. டி790எம் உள்ளவர்களிடம் மட்டும் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆரா3 ஆய்வில், கீமோதெரபி பெற்றவர்களுக்கு நோய் 4.4 மாதங்கள் அடங்கியிருந்தது. ஆஸிமெர்டினிப் பெற்றவர்களுக்கு 10.1 மாதங்கள். மூளைக்குள் ஊடுருவும் திறனும் இதற்கு அதிகம். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவும் வழக்கம் உடையது என்பதால், இதைச் சிறு அனுகூலமாக எண்ணிவிடக் கூடாது.

வரிசைக் கணக்கு

இப்போது ‘நல்லதைப் பிறகுக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்ற வாதத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். முதலில் 10 மாதம் ஜெஃபிடினிப், பிறகு 10 மாதம் ஆஸிமெர்டினிப், ஆக 20 மாதம் என்று காகிதத்தில் கூட்டிவிடலாம். தொடக்கத்திலேயே ஆஸிமெர்டினிப் கொடுத்தால் நோய் அடங்கியிருக்கும் காலம் 18.9 மாதங்கள் என்று ஃப்ளாரா ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் ஜெஃபிடினிப் அல்லது எர்லோடினிப் பெற்ற பிரிவில் அது 10.2 மாதங்கள். ஆகவே 20-க்கும் 18.9-க்கும் பெரிய வேறுபாடு இல்லை, விலையோ பாதி மிச்சம் என்ற முடிவுக்கு வந்துவிடத் தோன்றும்.

ஆனால் எத்தனை பேர் அந்த இரண்டாவது 10 மாதத்தை எட்டுகிறார்கள் என்பதே கேள்வி. ஃப்ளாராவின் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த 277 பேரில் 85 பேர், அதாவது 100-க்கு 31 பேர் மட்டுமே, முதல் அடுத்தகட்டச் சிகிச்சையாக ஆஸிமெர்டினிப்புக்கு மாறினார்கள். மற்றவர்களில் ஒரு சாராருக்கு டி790எம் வரவில்லை; ஒரு சாரார் அடுத்த சிகிச்சை எதையும் பெறவே இல்லை. நோய் திரும்பும்போது உடல்நிலை சரிந்து, மறுபடி திசு எடுக்கவோ மருந்து தாங்கவோ இயலாமல் போவது நடைமுறையில் அடிக்கடி காணும் நிலை. இந்த விகிதத்தை வைத்துத் தோராயமாகப் பார்த்தால், 100 பேரின் சராசரிக் கணக்கில் இரண்டாம் கட்டம் சேர்ப்பது 10 மாதங்களை அல்ல, மூன்று மாதங்களையே. இடைநிலை அளவுகளை இப்படிக் கூட்டுவது புள்ளியியல்படி முறையான வழி இல்லை. ஆயினும் வாதத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. சேமித்துவைத்த மருந்தைப் பத்தில் மூவர்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மொத்த ஆயுளிலும் வேறுபாடு தெரிந்தது: ஆஸிமெர்டினிப் பிரிவில் 38.6 மாதங்கள், ஒப்பீட்டுப் பிரிவில் 31.8 மாதங்கள்.

இதற்கு எதிர்த்தரப்பிலும் ஒரு வலுவான செய்தி உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அதே ஃப்ளாரா ஆய்வில் ஆசிய நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மொத்த ஆயுளில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு புலப்படவில்லை. எல்858ஆர் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் அவ்வாறே. நோய் அடங்கியிருக்கும் காலம் இவர்களுக்கும் நீண்டது, ஆயுள் நீண்டதாகத் தெரியவில்லை. ஓர் ஆய்வை இப்படித் துண்டுதுண்டாக வெட்டிப் பார்க்கும்போது தற்செயலான முடிவுகளும் வரும் என்பதால், இதை வைத்து ஆசியர்களுக்கு இம்மருந்து பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. என் மதிப்பீட்டில், இது ஜெஃபிடினிப்பை நியாயப்படுத்துவதைக் காட்டிலும், ஆஸிமெர்டினிப் தனியாக எல்லோருக்கும் போதாது என்பதையே அதிகம் உணர்த்துகிறது.

ஆஸிமெர்டினிப்புக்குப் பிறகு வரும் எதிர்ப்பு

முதலிலேயே ஆஸிமெர்டினிப் பெற்றவர்களிடம் டி790எம் மேலெழுவதில்லை. அந்த வழியை மருந்து அடைத்துவிட்டது. ஆனால் நோய் வேறு வழிகளைத் தேடுகிறது. மருந்து பிணையும் அதே 797-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரின் வந்துவிட்டால், கந்தகம் இருந்த இடத்தில் ஆக்சிஜன் வந்துவிடுகிறது, பிணைப்பு விழுவதில்லை. இதுவே சி797எஸ். ஃப்ளாராவில் நோய் முற்றியவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் இது ஏறத்தாழ 100-க்கு 7 பேரிடம் இருந்தது. மெட் என்ற வேறோர் ஏற்பியின் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது ஏறத்தாழ 15 பேரிடம். இந்நிலையில் இ.ஜி.எஃப்.ஆர். இன்னும் அடைபட்டேதான் இருக்கிறது. செல் பக்கத்துக் கதவு வழியாக அதே சமிக்ஞையைக் கடத்திக்கொள்கிறது. இன்னும் சிலரிடம், அடினோகார்சினோமா என்ற சுரப்பிச்செல் வகையாக இருந்த கட்டி சிறுசெல் புற்றுநோயாகவே உருமாறிவிடுகிறது. தொடக்கத்திலேயே டிபி53, ஆர்பி1 ஆகிய இரு மரபணுக்களும் செயலிழந்திருப்பவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். எஞ்சியோரில் பெரும்பாலோருக்கு, இன்றைய சோதனைகளால் காரணத்தைச் சுட்ட முடிவதில்லை.

மருந்தின் வரிசை எதிர்ப்பின் வடிவத்தைத் தீர்மானிப்பதற்குச் சி797எஸ் நல்ல எடுத்துக்காட்டு. முதலில் ஆஸிமெர்டினிப் எடுத்த ஒருவருக்குச் சி797எஸ் மட்டும் வந்தால், அவரிடம் டி790எம் இல்லை. ஆகவே கொள்கையளவில் பழைய ஜெஃபிடினிப் மீண்டும் வேலை செய்யும், சிலருக்கு அப்படிப் பலன் கிடைத்ததும் பதிவாகியுள்ளது. ஆனால் ஜெஃபிடினிப்புக்குப் பின் ஆஸிமெர்டினிப் எடுத்தவரிடம் டி790எம், சி797எஸ் இரண்டும் ஒரே மரபணுப் பிரதியில் அமைந்துவிட்டால், இரண்டு மருந்துகளும் தோற்றுவிடும். பழைய மருந்து எப்போதும் முதலில்தான் வர வேண்டும் என்பதில்லை. சிலரிடம் அதுவே பின்னால் கைகொடுக்கக்கூடும்.

கீமோதெரபியைச் சேர்ப்பது

பல வழிகளில் தப்பிக்கும் செல்களை ஒரே வழியை அடைத்துத் தடுக்க முடியாது என்பதே இணைப்புச் சிகிச்சையின் அடிப்படை. கீமோதெரபிக்கு டி790எம், மெட் என்ற வேறுபாடு கிடையாது. பிரியும் செல்லை அது தாக்கும். ஃப்ளாரா2 ஆய்வில் ஆஸிமெர்டினிப் 80 மில்லிகிராம் மாத்திரையோடு கீமோ மருந்துகளான பெமெட்ரெக்ஸெட்டும், சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு சுற்றுகள் கொடுத்து, பின்னர் மாத்திரையோடு பெமெட்ரெக்ஸெட்டை மட்டும் தொடர்ந்தார்கள். நோய் அடங்கியிருந்த காலம், ஆஸிமெர்டினிப் மட்டும் பெற்றவர்களின் 16.7 மாதங்களிலிருந்து இணைப்பு பெற்றவர்களுக்கு 25.5 மாதங்களாக உயர்ந்தது. 2025-இல் வெளியான இறுதி முடிவில் மொத்த ஆயுள் 37.6 மாதங்களிலிருந்து 47.5 மாதங்களாக உயர்ந்திருந்தது. மூளைப் பரவல் உள்ளவர்களிடமும் எல்858ஆர் உள்ளவர்களிடமும் அடங்கியிருந்த காலத்தின் வேறுபாடு இன்னும் தெளிவு: இரு குழுக்களிலும் அது ஏறத்தாழ 14 மாதங்களிலிருந்து 25 மாதங்கள் அளவுக்கு நீண்டது. இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. கடுமையான பக்கவிளைவுகள் 100-க்கு 27 பேரிலிருந்து 64 பேராக உயர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி ரத்த அணுக்கள் குறைவதுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வரும் வாழ்க்கையையும் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அமிவன்டாமாப் ஊசியையும் லாசெர்டினிப் மாத்திரையையும் இணைக்கும் நான்காவது தெரிவும் இருக்கிறது. மரிபோசா ஆய்வில் அது ஆஸிமெர்டினிப்பைவிட ஆயுளை நீட்டித்தது. ஆனால் கடுமையான பக்கவிளைவு நால்வரில் மூவருக்கு வந்தது, ரத்த நாளங்களில் உறைகட்டி ஏற்பட்டவர்கள் மூவரில் ஒருவருக்கும் மேல். தொடக்க மாதங்களில் உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தியக் குடும்பம் ஒன்றின் கைக்கு எட்டும் தெரிவாக இதை இப்போதைக்கு நான் கருதவில்லை.

ஆஸிமெர்டினிப்பே எட்டாதவர்களுக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்த ஆய்வு நேரடியாகப் பயன்படும். அங்கே 350 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஜெஃபிடினிப் மட்டும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அதோடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் சேர்த்தார்கள். நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதங்களிலிருந்து 16 மாதங்களாயிற்று. ஜெஃபிடினிப் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 17 மாதங்கள். இணைப்பு பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கணக்கெடுத்தபோது உயிருடன் இருந்ததால், அந்தப் பிரிவுக்கு இடைநிலையை அப்போது சொல்லவே முடியவில்லை. கடுமையான பக்கவிளைவு 100-க்கு 25 பேரிலிருந்து 51 பேராக உயர்ந்தது. இரு வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது ஆபத்து என்றாலும், மலிவான மாத்திரையோடு கீமோ சேர்த்தால் 16 மாதம், விலையுயர்ந்த மாத்திரை தனியாக 17 முதல் 19 மாதம் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆஸிமெர்டினிப்புக்கு 2024-இல் இந்தியாவில் சுங்க வரி நீக்கப்பட்டது, சரக்கு-சேவை வரியும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்படியும் மாதாமாதம் ஆண்டுக்கணக்கில் வாங்குவது பலரால் இயலாது.

ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தால்

62 வயதுள்ள, புகைபிடித்தே அறியாத ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். எல்858ஆர் மாற்றம், மூளையில் தொல்லை தராத மூன்று சிறு பரவல்கள், தாமே நடமாடி, சமையலைப் பார்த்துக்கொள்ளும் நிலை, சிறுநீரகம் சீராக இயங்குகிறது. இவருக்கு எல்858ஆர், மூளைப் பரவல் ஆகிய இரண்டும் இருப்பதால், ஆஸிமெர்டினிப்போடு கீமோவைச் சேர்ப்பதே முதல் தெரிவு என்பேன். முதல் பெமெட்ரெக்ஸெட் சுற்றுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் தொடங்கியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். செலவு தாங்காது என்றால் ஜெஃபிடினிப்போடு அதே கீமோ, மூளைக்குக் குறிவைத்த கதிர்வீச்சு. ஜெஃபிடினிப் எடுக்கும்போது வயிற்றெரிச்சலுக்காக ஒமெப்ரசோல் போன்றவற்றைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. வயிற்றின் அமிலம் குறைந்தால் மாத்திரை ரத்தத்தில் சேர்வதும் குறைந்துவிடும். ஆஸிமெர்டினிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. இதே அம்மாவுக்கு 80 வயதாகி, நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழிப்பவராக இருந்தால், ஆஸிமெர்டினிப் மட்டும் போதும், கீமோ வேண்டாம். எக்ஸான் 19 நீக்கமாக இருந்து மூளையும் தெளிவாக இருந்தால், மாத்திரையை மட்டும் தேர்ந்தெடுப்பதிலும் குறை சொல்ல இயலாது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஸ்கேனில் வளர்ச்சி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் மட்டும் வளர்ந்து மற்ற இடங்கள் அடங்கியிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்து மாத்திரையைத் தொடரலாம். பல இடங்களில் வளர்ந்தால் காரணத்தைத் தேட வேண்டும். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைச் சோதிப்பது எளிது. டி790எம்மோ சி797எஸ்ஸோ அதில் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளில்லை; திசுவில் டி790எம் இருப்பவர்களில் கணிசமானோரை ரத்தச் சோதனை தவறவிடுகிறது. மெட் பெருக்கமும் ரத்தத்தில் எளிதில் பிடிபடாது. சிறுசெல் உருமாற்றத்தையோ, திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதிசெய்ய முடியும். கட்டி திடீரென வேகமாக வளர்ந்தால், குறிப்பாகக் கல்லீரலில் புதிதாகப் பரவினால், இந்தச் சந்தேகம் வர வேண்டும். மெட் என்றால் ஆஸிமெர்டினிப்போடு மெட் தடுப்பானைச் சேர்க்கலாம். சிறுசெல் என்றால் எட்டோபோசைடும் பிளாட்டினமும் சேர்ந்த கீமோ. ஆகவே ஊசி குத்தித் திசு எடுப்பதற்கு இரண்டாம் முறையும் சம்மதிக்க வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பத்திடம் சொல்லிவைப்பது நல்லது.

இரண்டு இடங்களில் அவசரம் கேடு செய்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். முடிவு வருவதற்குள் நோயெதிர்ப்புச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, பிறகு ஆஸிமெர்டினிப்புக்கு மாறினால், நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் அபாயம் கூடுகிறது; முடிவுக்குக் காத்திருக்க முடியாத நிலையில், முதல் சுற்றில் கீமோவை மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு. மற்றொன்று, நோய் வளர்ந்துவிட்டது என்று கேட்டவுடன் ‘இனி இந்த மாத்திரை எதற்கு’ என்று அன்றே நிறுத்திவிடுவது. எதிர்ப்புப் பெறாத செல்களை மாத்திரை இன்னமும் அடக்கிக்கொண்டுதான் இருக்கும். அதை விட்ட சில நாட்களிலேயே நோய் வெடித்துக் கிளம்பி, அடுத்த சிகிச்சைக்கு வந்துசேர முடியாமல் போனவர்கள் உண்டு. புதிய சிகிச்சை தொடங்கும் நாளுக்கு எத்தனை நாள் முன்பு மாத்திரையை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் தேதியோடு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.